‘அண்ணே’ என்று கூப்பிட்ட பிறகு என்ன பேசுவது?

*மேடம், எனக்கு 24 வயசு. சொந்த ஊர் மதுரை பக்கம். ஒரு வருஷமா சோழிங்கநல்லூர்ல ஐ.டி. வேலை. வாரத்துல மூணு நாலு தடவை ஆப்ல கார் புக் பண்ணிப் போறேன். ஏறினதும் ஓடிபி சொல்லிட்டு போனை எடுத்துக்குவேன், இறங்குறப்ப என்னமோ மரியாதை இல்லாம நடந்துகிட்ட மாதிரி இருக்கும். ஊர்ல யார் வண்டில ஏறினாலும் பேசிட்டேதான் போவோம். போன மாசம் ஒரு நாள் நானா பேச ஆரம்பிச்சேன், கடைசில அவர் ஹாஸ்டல் எங்க இருக்கு, தனியாத்தான் இருக்கீங்களான்னு கேட்டுட்டே வந்தார். அதுலருந்து பயம். பேசணுமா வேணாமா? எப்ப நிறுத்துறது? – ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்*

ஏறும்போது ஒரு வார்த்தை சொல்வது வேறு, வழி நெடுகப் பேசிக்கொண்டு போவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பேசாமல் போனால் குற்ற உணர்வும் பேசினால் பயமும் வருகிறது. முதலாவதை எல்லாப் பயணத்திலும் செய்யுங்கள், பத்து விநாடி வேலைதான். இரண்டாவது உங்களுக்கு இஷ்டமா, அவருக்கு இஷ்டமா, மணி என்ன, ரோடு எப்படி என்பதையெல்லாம் பார்த்து அன்றன்றைக்கு முடிவாகிற விஷயம். பத்துப் பயணத்தில் எட்டில் பேசாமல் போனாலும் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நான் மனநல ஆலோசகர். இடையில் மூன்று வருடம், மாதம் ஒரு நாள், ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலையும் செய்தேன். பயணிகள் பேசாமல் வருகிறார்கள் என்று அவர்களில் ஒருவர்கூட என்னிடம் குறைப்பட்டதில்லை. ‘ஏறினதும் மூஞ்சியப் பாக்காம நம்பரை மட்டும் சொல்றாங்க மேடம்’ என்றவர்கள் உண்டு. அதைவிட அதிகமாகக் குறைப்பட்டது ஒரு விஷயத்துக்காக, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி, ஊருக்குப் போக கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குக் கார் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடவாக்கம், கேம்ப் ரோடு, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகப் போனால் வெள்ளிக்கிழமை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேச்சு வந்தாலும் வராவிட்டாலும் அவ்வளவு நேரம் ஒரு ஆளோடு ஒரே டப்பாவுக்குள் இருக்கப் போகிறீர்கள்.

வண்டி வந்து நிற்கிறது. கதவைத் திறப்பதற்கு முன் நம்பரைப் பாருங்கள். கடைசி நான்கு எண் பொருந்த வேண்டும், மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும், எலக்ட்ரிக் டாக்சி என்றால் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. அப்புறம் பின் கதவைத் திறந்து, உட்காருவதற்கு முன்னால், ‘அண்ணே, யார் பேருக்கு புக் ஆகியிருக்கு?’ என்று கேளுங்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டால் யாரும் ‘ஆமா’ என்று சொல்லிவிடலாம், அவர் வாயால் வர வேண்டும். அவர் சொன்னதும் உட்கார்ந்து, கண்ணாடியில் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்து, ‘கிளாம்பாக்கம்தாண்ணே’ என்று சொல்லிவிட்டு ஓடிபி.

இவ்வளவுதான் வணக்கம். நம் ஊர்ப் பேச்சில் ஒரு டிரைவரிடம் ‘வணக்கம்’ என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சு மாதிரி கேட்கும், ‘எப்படி இருக்கீங்க’ என்றால் முன்பே தெரிந்தவரா என்று அவர் திரும்பிப் பார்ப்பார். தமிழில் அந்த இடத்தைக் கூப்பிடும் சொல்லே நிரப்பிவிடுகிறது. அண்ணே, அண்ணா, சார், வயதானவர் என்றால் ஐயா, பெண் ஓட்டுநர் என்றால் அக்கா, இதில் ஒன்றை முகம் பார்த்துச் சொன்னாலே முகமன் ஆகிவிட்டது. (மதுரைக்காரர் நீங்கள், சென்னைக்காக ‘அண்ணே’யை ‘அண்ணா’வாக மாற்றிக்கொள்ள வேண்டாம். ஓட்டுநர்களில் பாதிப் பேர் தென்மாவட்டத்துக்காரர்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.) ‘டிரைவர்’ என்று கூப்பிடாதீர்கள், ‘ஹலோ’ என்று தட்டிக் கூப்பிடாதீர்கள்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று நிமிடம் வாயே திறக்காதீர்கள். பேச நினைப்பவர்கள் சொதப்புகிற இடம் இது. அந்த நேரத்தில் அவர் ஓடிபி அடிக்கிறார், மேப்பைத் திருப்புகிறார், யு-டர்ன் எங்கே என்று பார்க்கிறார், பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடிக்கிறது. இந்த நேரத்தில் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ‘ம்’ தான் பதிலாக வரும், உடனே நீங்கள் ‘இவருக்குப் பேசப் பிடிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்வீர்கள். வண்டி மேடவாக்கம் ரோட்டில் ஏறி ஒரே சீராக ஓட ஆரம்பிக்கட்டும்.

இப்போது பேச விருப்பம் இருந்தால் ஒரே ஒரு கேள்வி, அதுவும் ரோட்டைப் பற்றி. ‘மேடவாக்கத்துல மெட்ரோ வேலை நடக்குதே, இந்நேரத்துக்கு எப்படிண்ணே இருக்கும்?’ இந்தக் கேள்வி எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்கிறீர்கள், அவரும் தன்னைப் பற்றி எதையும் திறக்க வேண்டியதில்லை, நீங்களும் உங்களைப் பற்றி எதையும் சொல்ல வேண்டியதில்லை. பதில் ஒரு வரியில் முடிந்தாலும் யாருக்கும் சங்கடம் கிடையாது, வழி கேட்டீர்கள், சொன்னார், அவ்வளவுதான்.

பதிலைக் கேட்டுத்தான் மேலே முடிவு செய்ய வேண்டும். அவர் உங்களிடம் ‘பேசாதீங்க’ என்று சொல்ல முடியாது என்பதை மறக்காதீர்கள். பயணம் முடிந்ததும் நீங்கள் நட்சத்திரம் போடுவீர்கள், அது குறைந்தால் அவர் பிழைப்பில் கை வைக்கும். அதனால் நீங்கள் சொல்லும் ஜோக்குக்கு அவர் சிரித்தார் என்பதை மட்டும் வைத்து ஆசையாகப் பேசுகிறார் என்று எண்ணிவிட முடியாது. வெளிநாட்டில் இதற்குப் பட்டனே வைத்துவிட்டார்கள், 2019-ல் ஊபர் அமெரிக்காவில் தன் விலை கூடிய கார்களில் ‘அமைதியாக வர விருப்பம்’ என்று பயணி முன்கூட்டியே குறித்துக்கொள்ள வசதி கொண்டுவந்தது. கவனித்தீர்களா, அதுவும் பயணிக்குத்தான். அதனால் பேச்சைத் தொடங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிற மாதிரி, எப்போது விட வேண்டும் என்று பார்க்கிற வேலையும் உங்களோடதுதான்.

எப்படிப் பார்ப்பது? ‘நிக்கும் மேடம்’ என்று முடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாவது கேள்வி வேண்டாம். ‘இப்ப பரவால்ல மேடம், ஏழு மணிக்கு வந்திருந்தா பெரும்பாக்கம் தாண்டவே அரை மணி ஆயிருக்கும், சனிக்கிழமைதான் மோசம்’ என்று முழுசாகச் சொல்லிவிட்டு நிறுத்தினால், இன்னும் ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாம். பதிலோடு சேர்த்து ‘நீங்க எத்தன மணி பஸ்ஸு?’ என்று அவரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டால் பேச்சு வேண்டும் என்று அர்த்தம். திரும்பி வரும் கேள்வியைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டுச் சத்தத்தையும் கவனியுங்கள். நீங்கள் பேசும்போது குறைப்பது மரியாதைக்காக, எல்லாரும் குறைப்பார்கள். நீங்கள் முடித்ததும் பழையபடி ஏற்றினால் ‘போதும்’ என்கிறார், குறைத்தபடியே விட்டுவைத்தால் காத்திருக்கிறார். ஒரு காதில் ஹெட்செட் மாட்டி வீட்டோடு பேசிக்கொண்டே வருபவரிடம் பேச்சே தொடங்க வேண்டாம். (ஓட்டும்போது போனில் பேசினால் ‘அண்ணே, பேசிட்டு ஓட்டுங்க, நான் வெயிட் பண்றேன்’ என்று ஓரம் கட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.)

ஓட்டுபவரிடம் பேசினால் கவனம் சிதறாதா என்று கேட்கலாம். சிதறும், ஆனால் போன் பேச்சு அளவுக்கு இல்லை. 2008-ல் அமெரிக்காவில் டிரைவிங் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், போனில் பேசியவர்களைவிட பக்கத்தில் உட்கார்ந்த ஆளோடு பேசியவர்கள் நன்றாக ஓட்டினார்கள். காரணம், பக்கத்தில் இருப்பவர் தானும் ரோட்டைப் பார்க்கிறார், நெருக்கடி வந்தால் பேச்சைத் தானாகக் குறைக்கிறார், ‘பார்த்து, அங்கே திரும்பணும்’ என்றுகூடச் சொல்கிறார். போனில் இருப்பவருக்கு அது எதுவும் தெரியாது. பின் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே பேசினால் நீங்களும் அந்தப் போனில் இருக்கிற ஆள் மாதிரிதான். அதனால் பேசுவதென்றால் தலையை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்துப் பேசுங்கள், கேம்ப் ரோடு சிக்னலிலும் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் சேரும் இடத்திலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுங்கள். திருப்பம் முடிந்ததும் அவரே ‘சொல்லுங்க மேடம்’ என்பார், சொல்லாவிட்டால் பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பேசலாம் என்பதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே கிடைக்கும்?’ என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். அக்கறையாகக் கேட்பதாகத்தான் நமக்குத் தோன்றும், எல்லாரும் கேட்பது அதைத்தான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அது சம்பளம் கேட்கிற கேள்வி, உங்கள் ஆபீஸ் சம்பளத்தை அவர் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதோடு அந்தக் கேள்வி நேராக கமிஷன், டீசல், டியூ என்று போகும். ஒரு ஓட்டுநர் என்னிடம் சொன்னார், ‘கேட்டுட்டு அவங்க இறங்கிப் போயிடுவாங்க மேடம், நான் அடுத்த ரெண்டு ட்ரிப்பும் அதையே நெனச்சுட்டு ஓட்டணும்.’ அவராக அந்தப் பேச்சை எடுத்தால் கேளுங்கள். நீங்களாக எடுக்காதீர்கள், அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்கிற மனநிலை இருந்தால் தவிர.

ஊர் கேட்பது நல்ல வழி, ‘உங்களுக்கு எந்தப் பக்கம்ணே?’ என்றால் முக்கால்வாசிப் பேர் முகம் மலர்வார்கள். ஆனால் அதைக் கேட்டால் உங்களிடமும் திரும்பி வரும், ‘மதுரை பக்கம்’ என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கிராமத்தின் பெயர் வரைக்கும் போக வேண்டியதில்லை.

இனி உங்களுக்கு நடந்தது. ஊர் எது என்று கேட்பதும் எந்த ஹாஸ்டல் என்று கேட்பதும் ஒன்றல்ல, அதை நீங்களே உணர்ந்துதான் எழுதியிருக்கிறீர்கள். நான் வைத்திருக்கும் கோடு இது: பதில் தெரிந்தால் ஒருவர் உங்களை மறுபடி தேடி வர முடியுமா? எந்த ஹாஸ்டல், தனியாகவா, தினமும் இதே நேரமா, போன் நம்பர் என்ன, இவையெல்லாம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்கும் ‘நீங்க எந்த ஆளுங்க?’ இதில் சேராது, ஆனால் அதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை. பல பேர் தப்பான எண்ணம் எதுவும் இல்லாமல், தங்கச்சியிடம் கேட்பது போலவே கேட்பார்கள், இருந்தாலும் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். நல்லவராக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

முதல் தடவை கேட்டால் பொய் சொல்லுங்கள், தப்பில்லை. ‘அக்கா வீட்ல இருக்கேண்ணே.’ சொன்ன கையோடு யாருக்காவது உண்மையிலேயே போன் போடுங்கள், ‘ஆமா, தாம்பரம் தாண்டிட்டேன், இன்னும் இருபது நிமிஷம், லொகேஷன் அனுப்பியிருக்கேன் பாரு’ என்று அவர் காதில் விழும்படி பேசுங்கள். பேசுவது போல நடிக்காதீர்கள், நடுவில் போன் மணி அடித்துவிட்டால் அசிங்கமாகிவிடும், எனக்கு நடந்திருக்கிறது. போனை வைத்த பிறகும் அதே கேள்விக்குத் திரும்பி வந்தால் சிரிப்பை எடுத்துவிட்டு, ‘அண்ணே, அதெல்லாம் வேண்டாம், ரோட்டைப் பாருங்க’ என்று ஒரே வாக்கியம். அதற்கு முன்னால் ‘சாரி’ வேண்டாம், பின்னால் விளக்கமும் வேண்டாம். உங்களைப் போல் மரியாதையாக வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டம், அதனால் வீட்டில் கண்ணாடி முன்னால் ஐந்தாறு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதற்கு மேலும் போனால் ஆப்பில் இருக்கும் பாதுகாப்புப் பட்டன், அல்லது 112, பெண்கள் உதவிக்கு 181. வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் ‘இங்கேயே நிறுத்துங்க’ என்று இறங்கிவிடலாம், மீதிக் காசைப் பற்றி யோசிக்காதீர்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: அவருடைய க்யூ.ஆர். கோடில் பணம் அனுப்பினால் உங்கள் பெயர் அவர் போனில் போய் உட்காரும். சங்கடமாகப் போன பயணம் என்றால் ரொக்கமாகக் கொடுங்கள், பையில் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை அப்படி ஆனதால் இனிமேல் யாரிடமும் பேசக் கூடாது என்று முடிவு கட்ட வேண்டுமா? வேண்டாம் என்பேன், ஆனால் சும்மா தைரியம் சொல்வதற்காக இல்லை. 2014-ல் சிகாகோவில் இரண்டு உளவியலாளர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் டாக்சியிலும் போகிறவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தெரியாத ஆளோடு பேசிக்கொண்டு போனால் பயணம் மோசமாக இருக்கும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்கள், பேசியவர்களோ பயணம் நன்றாக இருந்தது என்றார்கள். துருக்கியில் பல்கலைக்கழக பஸ்ஸில் போகிறவர்களைப் பார்த்தபோது, டிரைவருக்கு ஒரு வணக்கம், இறங்கும்போது ஒரு நன்றி, இந்த அளவுக்குச் செய்தவர்களுக்கே மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. நீங்கள் எழுதியிருக்கிற ‘என்னமோ மாதிரி’ உணர்வுக்கு அந்த இரண்டு வார்த்தையே போதும் என்று நான் நினைப்பது இதனால்தான். ஆனால் இவை பயணியின் மனசை அளந்த ஆய்வுகள். பன்னிரண்டு மணி நேரமாக வண்டி ஓட்டுகிற ஆளுக்கு அன்றைக்கு இருபதாவது பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு இவற்றில் பதில் தேடக் கூடாது.

பன்னிரண்டு மணி நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டுதலில் ஒரு ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆப்பில் இருக்கக் கூடாது, அதற்குப் பிறகு 10 மணி நேரம் ஓய்வு என்று இருந்தது. ஆனால் ஒரே ஆள் இரண்டு மூன்று ஆப் வைத்திருந்தால் அந்தக் கணக்கை யார் பார்ப்பது? நடுராத்திரி பயணத்தில் வண்டி கோட்டை விட்டு மெல்ல ஒதுங்கி மறுபடி வெடுக்கென்று உள்ளே வருகிறது, கொட்டாவி மேல் கொட்டாவி, ஏ.சி. ஓடும்போதே கண்ணாடியை இறக்கி முகத்தில் காற்று வாங்குகிறார் என்றால் அது தூக்கம். அப்போது ‘பேச்சுக் கொடுத்தால் முழிச்சிருப்பார்’ என்று பேசிக்கொண்டே போகாதீர்கள். பதில் சொல்லிக்கொண்டே கண் அயர்கிற ஆட்கள் உண்டு, பேச்சு நமக்குத்தான் தைரியம் தருகிறது. ‘அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம், எனக்கும் வேணும்’ என்று கடை ஓரம் நிறுத்தச் சொல்லுங்கள், டீக்குப் பிறகு பதினைந்து இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துக் கண் மூடச் சொன்னால் இன்னும் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால் இறங்கி வேறு வண்டி போடுங்கள். பஸ் போனாலும் பரவாயில்லை.

நல்லபடியாகப் போகிற பேச்சை நடுவில் நிறுத்த வேண்டுமென்றாலும் ஒரு வழி வேண்டும் இல்லையா. ‘தூங்கப் போறேன்’ என்று தனியாக வரும் பெண் ராத்திரியில் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘சரிண்ணே, ஆபீஸ் மெயில் ஒண்ணு பாக்கணும்’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே போனைத் திறங்கள். அந்த ‘சரிண்ணே’ போதும், எல்லா ஓட்டுநருக்கும் அது புரியும், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கிறவர்கள். காதில் மாட்டுவதென்றால் ஒரு காதில் மட்டும்.

வண்டலூர் தாண்டியதும் பணத்தையோ போனையோ எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை கிளாம்பாக்கத்தில் அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. இறங்கும்போது ‘தேங்க்ஸ்ண்ணே, வரேன்’. சீட்டில் சார்ஜர் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு கதவைச் சாத்துங்கள், மெதுவாக. முதலில் சொல்லாமல் விட்டேனே, ஓட்டுநர்கள் ஒவ்வொரு மாதமும் என்னிடம் குறைப்பட்டது அதற்குத்தான்: ‘பேசினாலும் சரி பேசாட்டாலும் சரி மேடம், கதவை மட்டும் அடிச்சுச் சாத்தாம போகச் சொல்லுங்க.’